கோகோபீட் பிளாக்: கண்டெய்னரிலிருந்து பின்னோக்கி அளவெடுப்பது எப்படி

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தேங்காய் நார்த்தூளை அழுத்திக் கட்டியாக்கும் கோகோபீட் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் பிரஸ் வாங்குகிறார்கள். பிரஸ்காரர் கொடுக்கும் டை என்ற அச்சில் என்ன அளவு வருகிறதோ அதுதான் பிளாக்கின் அளவு. அப்புறம் ஆர்டர் பிடிக்கிறார்கள், சரக்கை அடுக்கும் பேலட் வாங்குகிறார்கள். கண்டெய்னர் வந்து வாசலில் நின்ற பிறகுதான் எத்தனை பேலட் ஏறும், எத்தனை அடுக்கு நிற்கும் என்ற கணக்கே தொடங்குகிறது. அதற்குள் டை வெட்டியாகிவிட்டது.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கப்பல் கட்டணம் கண்டெய்னர் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கப்படுகிறது. உள்ளே 20 டன் இருந்தாலும் 25 டன் இருந்தாலும் அதே காசு. கோகோபீட்டோ விலை குறைந்த, இடம் அடைக்கிற சரக்கு. அதனால் ஒரு டன்னுக்கு விழும் கட்டணம்தான் லாபத்தைத் தீர்மானிக்கிறது. அது பிளாக்கின் நீள, அகல, தடிமனில் அடங்கியிருக்கிறது. 5 கிலோ பிளாக்கை வைத்து இதை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் அளவுகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் பிரஸ்ஸில் வரும் அளவைப் போட்டு இதே வழியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது முதலில் நிறையும்: எடையா, இடமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அளவைத் தொடவே கூடாது. ஏற்றுமதிக்கு வழக்கமாக எடுப்பது 40 அடி நீளமுள்ள, உயரம் கூடிய கண்டெய்னர். அதன் உள்நீளம் சுமார் 12.03 மீட்டர், அகலம் 2.35 மீட்டர், உயரம் 2.69 மீட்டர். கதவின் உயரம் இன்னும் குறைவு, சுமார் 2.58 மீட்டர். மொத்தக் கொள்ளளவு 76 கன மீட்டர். கண்டெய்னரின் கதவில் எழுதியிருக்கும் எடை வரம்பு பெட்டிக்குப் பெட்டி மாறும்; சரக்குக்கு 26 டன் என்று வைத்துக்கொள்வோம்.

26,000 கிலோவை 76,000 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 0.34 கிலோ. சரக்கு இதைவிட அடர்த்தி குறைவாக இருந்தால் இடம் முதலில் தீரும். அதிகமாக இருந்தால் எடை முதலில் தீரும். 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 12 செ.மீ. தடிமன் உள்ள 5 கிலோ பிளாக் 10.8 லிட்டர் இடம் பிடிக்கும். அதாவது லிட்டருக்கு 0.46 கிலோ. அப்படியானால் எடைதான் முதலில் தீரும் என்று தோன்றும். பேலட் இல்லாமல் தரையிலிருந்து கையால் அடுக்கினால் அது உண்மைதான். ஆனால் அப்படி அனுப்பினால் மறுமுனையில் 5,000 பிளாக்கை ஆள் வைத்துத்தான் இறக்க வேண்டும். கூலி அதிகமுள்ள நாடுகளில் வாங்குபவர் இதற்குச் சம்மதிப்பது அரிது.

பேலட்டில் அனுப்பும்போது கணக்கு மாறிவிடுகிறது. 1200 × 1000 மி.மீ. பேலட் இப்படிப்பட்ட கண்டெய்னரில் வழக்கமாக 20 ஏறும். ஒரு பேலட்டின் மேல் பிளாக் நிற்கும் இடம் 1.2 × 0.9 மீட்டர், உயரம் சுமார் 2.28 மீட்டர் (0.9 ஏன் என்பது கீழே வருகிறது). இருபது பேலட்டுக்கும் சேர்த்தால் 49 கன மீட்டர்தான். 76-ல் மீதி எல்லாம் பேலட் கட்டை, பக்கவாட்டு இடைவெளி, தலைக்கு மேல் காற்று. 26 டன்னை 49 கன மீட்டரில் அடைக்க லிட்டருக்கு 0.53 கிலோ வேண்டும். நம் பிளாக் 0.46 தான். எனவே பேலட்டில் போகும்போது இடம்தான் முதலில் தீர்கிறது. ஒவ்வொரு மில்லிமீட்டரும் காசு.

அமெரிக்காவுக்கு அனுப்பும்போது இதுவும் மாறும். அங்கே சாலை எடை வரம்பினால் ஒரு கண்டெய்னரில் பேலட்டோடு சேர்த்துச் சுமார் 20 டன்னுக்கு மேல் ஏற்ற வழக்கமாக விடமாட்டார்கள். பேலட் கட்டைகளுக்கு 0.4 டன் போனால் சரக்குக்கு 19.6 டன். அப்போது ஓர் அடுக்குக்கு 12 வீதம் நிற்கும் 12 செ.மீ. பிளாக்கை 16 அடுக்குக்கு மேல் வைக்கவே முடியாது. மேலே அரை மீட்டர் காற்று சும்மா போகும். அந்த ஆர்டருக்குப் பிளாக்கை 12 செ.மீ.க்கு இறுக்கியது வீண் செலவு. 14 செ.மீ. தடிமனில் விட்டால் அதே 16 அடுக்கு 2.24 மீட்டரில் நிற்கும். பேலட்டுக்கு அதே 192 பிளாக், இருபது பேலட்டுக்கு 19.2 டன். கட்டணத்தில் மாற்றமே இல்லை.

இறுக்கம் குறைவதில் வாங்குபவருக்கும் நன்மை உண்டு. அளவுக்கு மீறி அழுத்திய பிளாக் தண்ணீரை மெதுவாக இழுக்கும், நடுவில் கட்டியாக நிற்கும், விரிந்த பிறகு லிட்டரும் குறையும். 5 கிலோ பிளாக் நன்றாக விரிந்தால் சுமார் 70 லிட்டர் தர வேண்டும். மறுமுனையில் அது லிட்டர் கணக்கில்தான் விலை போகிறது. எனவே ஆர்டர் வந்ததும், கண்டெய்னர் ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் எவ்வளவு என்பது அல்ல. அந்த நாட்டில் ஒரு பெட்டிக்கு எத்தனை டன் அனுமதி என்பதே.

பேலட்டிலிருந்து பிளாக்குக்கு

அடுத்தது அடிப்பரப்பு. வாங்குபவர் எந்தப் பேலட் கேட்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 1200 × 1000 என்றால் 30 செ.மீ. பிளாக் நீளவாக்கில் 4, அகலவாக்கில் 3, ஆக ஓர் அடுக்குக்கு 12. அகலத்தில் 10 செ.மீ. சும்மா நிற்கும், மேலே சொன்ன 0.9 மீட்டர் அதுதான். பேலட் பரப்பில் 90 சதவீதம் பயன்படுகிறது, மோசமில்லை. இதே பிளாக்கை 1100 × 1100 பேலட்டில் வைத்தால் 3 × 3, அதாவது 9 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு பரப்பு வீணாகிறது. பிளாக்கும் சரி, பேலட்டும் சரி, ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதுதான் குறை.

உயரத்துக்கு வருவோம். கதவு 2.58 மீட்டர் என்றாலும் ஃபோர்க்லிஃப்ட் பேலட்டைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோகும். அதனால் பேலட்டோடு சேர்த்து 2.45 மீட்டரைத் தாண்டாமல் வைப்பது நல்லது. பேலட் 14 செ.மீ. போக 2.31 மீட்டர் மிச்சம். 12 செ.மீ. பிளாக் 19 அடுக்கு நிற்கும், 2.28 மீட்டர். பேலட்டுக்கு 228 பிளாக், 1,140 கிலோ. இருபது பேலட்டுக்கு 22.8 டன்.

இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். இனி வரும் எல்லாம் இதைக் காப்பாற்றுவதற்குத்தான்.

அழுத்தம் விட்டதும் வீங்கும்

புதியவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். டையிலிருந்து வெளியே வந்த பிளாக் அதே அளவில் நிற்காது. அழுத்தம் விட்டதும் கொஞ்சம் எழும்பும், அடுத்த சில நாளில் இன்னும் கொஞ்சம் எழும்பும். பீட்டில் ஈரம் அதிகம் இருந்தால் கூடுதலாக. டை 300 மி.மீ. என்பதால் பிளாக் 300 மி.மீ. என்று கணக்குப் போட்டால் தப்பு.

பணத்தில் இதைப் பார்க்கலாம். தடிமன் 120-க்குப் பதில் 125 மி.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 19 அடுக்கு 2.375 மீட்டர் வரும், நம் 2.31-ஐத் தாண்டிவிட்டது. ஓர் அடுக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு பேலட்டுக்கு 12 பிளாக், இருபது பேலட்டுக்கு 240 பிளாக், அதாவது 1.2 டன். ஐந்து மில்லிமீட்டர் வீக்கத்துக்கு ஒவ்வொரு கண்டெய்னரிலும் 1.2 டன் தரையிலேயே நின்றுவிடுகிறது. டன்னுக்கு விழும் கட்டணம் ஐந்தரை சதவீதம் ஏறுகிறது.

பக்கவாட்டு வீக்கம் வேறு மாதிரி கடிக்கும். 300 மி.மீ. பிளாக் 304 ஆனால், நான்கு சேர்ந்து 1,216. பேலட்டைவிட 16 மி.மீ. வெளியே துருத்தும். 1200 பக்கம் நீளவாக்கில் வரும்படி பத்துப் பேலட்டை வரிசையாக வைத்தால் 12.16 மீட்டர். கண்டெய்னரின் நீளமே 12.03 தான், கதவு மூடாது. ஒரு வரிசையைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அது தெரியவருவது கடைசிப் பேலட் நுழையும்போதுதான். எல்லாவற்றையும் வெளியே இழுத்து மறுபடி ஏற்ற வேண்டிவரும்.

இதற்கு வழி எளிது. பழைய டையிலோ, தெரிந்தவர் பிரஸ்ஸிலோ உங்கள் பீட்டை, உங்கள் ஈரத்தில் அழுத்தி இருபது பிளாக் எடுங்கள். வெளியே வந்த உடனும், மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அளந்து எழுதுங்கள். நீள அகலத்துக்கு இருபதிலும் பெரியது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியை அல்ல. ஒரே ஒரு பிளாக் துருத்தினாலும் பேலட் துருத்தியதுதான். உயரத்தை மட்டும் பெருக்கிக் கணக்குப் பார்க்காமல், 19 பிளாக்கை நிஜமாகவே ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளந்துவிடுங்கள். மேற்பரப்புக் கரடு முரடு அதில் தெரிந்துவிடும். ஒரு வாரம் கழித்து 298 மி.மீ.யில் நிற்க டை எவ்வளவு இருக்க வேண்டுமோ, அந்த அளவுக்கு டையை ஆர்டர் செய்யுங்கள். அது 292 ஆகவும் இருக்கலாம், 295 ஆகவும் இருக்கலாம். உங்கள் பீட்தான் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் களத்தில் சரியாகக் காயாத பீட்டை அழுத்தினால் இந்த அளவெல்லாம் தவறிப்போகும். அதனால் பிரஸ் பக்கத்திலேயே ஈரமானி ஒன்றும் 300 மி.மீ. இடைவெளி வெட்டிய ஒரு இரும்புச் சட்டமும் இருக்கட்டும். சட்டத்துக்குள் நுழையாத பிளாக் ஏற்றுமதிப் பேலட்டுக்குப் போகக் கூடாது.

சதுர பிளாக் ஒன்றையொன்று பிடிக்காது

சதுரத்துக்கு ஒரு குறை உண்டு. செங்கல்லை மாற்றி மாற்றி வைத்துச் சுவர் கட்டுவதுபோல இதைப் பிணைத்து அடுக்க முடியாது; எப்படித் திருப்பினாலும் அதே கட்டம்தான் வரும். பன்னிரண்டு தனித்தனித் தூண்கள் பக்கம் பக்கமாக நிற்கும், அவ்வளவுதான். கப்பல் ஆடும்போது ஓரத் தூண் சாயத் தொடங்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஆகவே ஐந்தாறு அடுக்குக்கு ஒருமுறை பேலட் அளவு அட்டை ஒன்று நடுவில் விரியுங்கள். மூன்று அட்டைக்கு ஒரு செ.மீ. உயரம் போகும், 2.28-ஓடு சேர்த்தாலும் 2.31-க்குள் வந்துவிடும். அடியிலும் ஓர் அட்டை வேண்டும். பேலட்டின் பலகை இடைவெளியில் கீழ் அடுக்கு பிளாக்கின் விளிம்பு இறங்கி உதிர்வதை அது தடுக்கும். நான்கு மூலைக்கும் கோண அட்டை, அதன்மேல் ஸ்ட்ராப், கடைசியில் ஸ்ட்ரெச் ஃபிலிம். ஃபிலிமை பிளாக்கோடு நிறுத்தாமல் பேலட் கட்டையையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் மொத்தச் சரக்கும் கட்டையின் மேல் நழுவும். அகலத்தில் மிச்சமுள்ள 10 செ.மீ.யை ஒரே பக்கம் விடாமல் இரு பக்கமும் ஐந்தைந்தாகப் பிரித்து நடுவில் அடுக்குங்கள்.

மரப் பேலட் என்றால் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை கட்டாயம். மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது, அல்லது அனுமதிக்கப்பட்ட வேறு முறையில் பூச்சி நீக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. முத்திரை இல்லாத ஒரு பேலட்டால் முழுக் கண்டெய்னரும் மறுமுனைத் துறைமுகத்தில் நின்றுபோகலாம்.

சின்ன பிரிக், அட்டைப்பெட்டி

650 கிராம் பிரிக் கடையில் விற்பனைக்குப் போவது. வழக்கமான அளவு 20 × 10 × 5 செ.மீ. இதை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். பேலட்டுக்கும் பெட்டிக்கும் பொதுவான அடிப்படை அளவு ஒன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது: 600 × 400 மி.மீ. அதில் பாதி 400 × 300. இந்தப் பாதி அளவுப் பெட்டி 1200 × 1000 பேலட்டில் ஓர் அடுக்குக்கு இடைவெளியே இல்லாமல் 10 நிற்கும். ஐரோப்பாவின் 1200 × 800 பேலட்டில் 8 நிற்கும். ஒரே பெட்டி இரண்டு சந்தைக்கும் பொருந்திவிடுகிறது.

ஆனால் அந்த 400 × 300 என்பது பெட்டியின் வெளி அளவு. 20 × 10 பிரிக்கைப் பார்த்ததும், நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் மூன்று, சரியாக 400 × 300 வருகிறதே என்று உள் அளவை அப்படியே கொடுத்துவிடத் தோன்றும். ஐந்து பிளை அட்டையின் கனம் பக்கத்துக்கு 7 மி.மீ. என்றால் வெளி அளவு 414 × 314 ஆகிவிடும். மூன்று பெட்டி 1,242. பேலட்டுக்கு வெளியே போகிறது. எப்படி மாற்றி அடுக்கினாலும் பத்து நிற்க வேண்டிய இடத்தில் எட்டுதான் நிற்கும். துருத்தட்டும் என்று விட்டாலும் நல்லதில்லை. அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. மூலை பேலட்டுக்கு வெளியே தொங்கினால் அடிப்பெட்டி நசுங்கும். அதே காரணத்தால் பெட்டிகளை மாற்றி மாற்றிப் பிணைக்காமல் மூலைக்கு மேல் மூலை வரும்படி நேராக அடுக்க வேண்டும்.

ஆகவே பெட்டியை 398 × 298 வெளி அளவில் வைத்து, உள்ளே கிடைக்கும் 384 × 284-க்குப் பிரிக்கைச் சுருக்குங்கள். ஷ்ரிங்க் ஃபிலிமோடு 190 × 94 மி.மீ. என்றால் 380 × 282, சரியாக உட்காரும். குறைந்த பரப்பை உயரத்தில் ஈடுகட்டினால் தடிமன் 56 மி.மீ. அளவுக்கு வரும். எடை அதே 650 கிராம், அடர்த்தியும் அதே. மூன்று அடுக்கு வைத்தால் பெட்டிக்கு 18 பிரிக், 11.7 கிலோ, ஒரு ஆள் நாள் முழுக்கத் தூக்கக்கூடிய எடை.

வகைகளைக் குறைப்பது

கோகோபீட்டில் வகைகள் கண்ணுக்குத் தெரியாமல் பெருகும். கழுவாதது, கழுவி உப்பு குறைத்தது, கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்தது என்று தரம் மூன்று. 5 கிலோ, 4.5 கிலோ, 1 கிலோ, 650 கிராம் என்று அளவு நான்கு. லேபிள் மூன்று பேருடையது என்றால் கணக்கு 36-ல் வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் அரைப் பேலட், கால் பேலட் கிடங்கில் மிச்சம் இருக்கும். மழையில் அது ஈரம் இழுத்து வீங்கும். வீங்கியது ஏற்றுமதிப் பேலட்டில் ஏறாது.

தரத்தைக் குறைக்க முடியாது. கழுவாத பீட்டை நாற்றுப் பண்ணைக்கு அனுப்ப முடியுமா? அது செடியின் விஷயம். குறைக்க வேண்டியது அளவையும் லேபிளையும்தான்.

அளவுக்கு ஒரே விதி: அடிப்பரப்பு மாறக் கூடாது, தடிமன் மட்டும் மாறலாம். அடிப்பரப்பை மாற்ற வேண்டுமானால் டையை மாற்ற வேண்டும். பிரஸ் நிற்கும், பேலட் கணக்கு முழுக்க மாறும், புதிதாக அட்டை வெட்ட வேண்டும். தடிமனை மாற்ற, போடும் எடையையும் பிரஸ் இறங்கும் தூரத்தையும் மாற்றினால் போதும். அமெரிக்காவுக்கு 14 செ.மீ., மற்ற ஊருக்கு 12 செ.மீ. என்றது ஒரே டையில்தான். 4.5 கிலோ கேட்பவருக்கும் அதே டை. ஆனால் அவரிடம் ஒருமுறை ஏன் என்று கேளுங்கள். பல நேரம் அவருக்கு வேண்டியது எத்தனை லிட்டர் விரியும் என்ற உறுதிதான். உங்கள் 5 கிலோ பிளாக்கைத் தண்ணீரில் விரித்து அளந்த கணக்கை அனுப்பினால் அந்த வகையே தேவைப்படாமல் போகலாம். ஆக இரண்டு டை போதும்: பிளாக்குக்கு ஒன்று, பிரிக்குக்கு ஒன்று.

லேபிளைக் கடைசி நாள் வரைக்கும் ஒட்டாதீர்கள். பிளாக்கை வெறுமனே அடுக்கி, தரத்தை ஸ்ட்ராப்பின் நிறத்தால் மட்டும் அடையாளம் காட்டுங்கள். மூன்று தரத்துக்கு மூன்று நிறம். கண்டெய்னர் தேதி உறுதியான பிறகு பேலட்டின் மேல் வாங்குபவர் பெயர் போட்ட தாளை வைத்து ஃபிலிம் சுற்றினால் போதும். ஒருவர் ஆர்டர் தள்ளிப்போனால் அதே பேலட் இன்னொருவருக்குப் போகும். பிரிக்குக்கும் அச்சடித்த ஷ்ரிங்க் ஃபிலிம் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே வெற்று ஃபிலிமும் பெயர் போட்ட ஸ்டிக்கரும் போதும். சொந்த ஃபிலிம்தான் வேண்டும் என்று வாங்குபவர் பிடிவாதமாக இருந்தால், அச்சடிக்கும் மொத்த ரோலையும் அவர் கணக்கில் எழுதிவிடுங்கள்.

எந்த வகையை நிறுத்துவது என்று தெரியாவிட்டால், கடந்த ஒரு வருடத்து அனுப்புகைப் பட்டியலை எடுத்து வகைவாரியாகக் கூட்டுங்கள். வருடம் முழுக்கச் சேர்த்தும் ஒரு கண்டெய்னரை நிரப்பாத வகை எது என்று பாருங்கள். அதற்காக எத்தனை முறை டை மாற்றினீர்கள், ஒவ்வொரு முறையும் பிரஸ் எத்தனை மணி நேரம் நின்றது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த நேரத்தில் 5 கிலோ பிளாக் எத்தனை வந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதையும் சேர்த்து அந்த வகைக்கு விலை சொல்லுங்கள். அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.